ஊழியரிடம் பேசியதை எழுதி வைத்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே நியாயமாகத் தெரியவில்லை

கல் கிடங்கு (9.6.2025, காலை 7.40)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு வெளியே ஆத்தங்குடிக் கல் விற்கும் கிடங்கு ஒன்றில் ஆர்டர் எடுப்பதும் லோடு அனுப்புவதும் என் பொறுப்பு. மொத்தம் 11 பேர் வேலை செய்கிறோம். கல்லை எண்ணி, வைக்கோல் வைத்துக் கட்டி, லாரியில் ஏற்றிவிடும் தம்பி ஒருவர் இரண்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறார். அண்மையில் அடுத்தடுத்து இரண்டு லோடுகளில் தவறு நடந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை, 6ஆம் தேதி மாலை 4.30க்கு, கிடங்கு அலுவலகத்தில் அவரைத் தனியாக உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். தண்டிப்பது என் நோக்கமில்லை. தவறு எங்கே நடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யத்தான் பேசினேன். பேச்சும் நன்றாகவே முடிந்தது.

இனிமேல் இப்படிப் பேசுவதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஞாயிறு இரவு எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எழுதியது இதுதான்:

"வேலையில் அலட்சியம். எண்ணிக்கையில் எப்போதும் தவறு. தாமதமாக வருகிறார். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் மனம் வேலையில் இல்லை. எச்சரித்தேன். தவற்றை ஒப்புக்கொண்டு இனித் திருந்துவதாகச் சொன்னார்."

இன்று காலை திரும்பப் படித்தபோது மனம் உறுத்தியது. அறையில் நடந்த பேச்சு இப்படி இருக்கவில்லை. இதை அந்தத் தம்பி படித்தால் என் முகத்தில் விழிப்பாரா என்று தெரியவில்லை. எந்த இடத்தில் பிசகினேன் என்று சொல்லுங்கள்.

புதுவயல் மில் (9.6.2025, காலை 8.15)

அக்கா, குறிப்பில் ஒரே ஒரு குறைதான். கையெழுத்து இல்லை. எங்கள் அரிசி ஆலையில் யாரிடம் என்ன பேசினாலும் அன்றே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, பக்கத்தில் நிற்கும் இருவரையும் சாட்சிக்குப் போடச் சொல்வேன். நீங்கள் இரண்டு நாள் தள்ளி எழுதியதும் தவறு. கையெழுத்து ஆகிவிட்டால் பிறகு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய வாசகத்தில் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை.

பேரேடு (9.6.2025, காலை 9.05)

அம்மா, நான் ஒரு நூற்பாலையில் 26 ஆண்டுகள் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உறுத்தியது என்று எழுதினீர்களே, அது சரியான உறுத்தல். ஆனால் உங்கள் குறிப்பைத் திருத்த என்னால் இப்போது முடியாது, ஏனென்றால் அதில் திருத்துவதற்கு வேண்டிய செய்தியே இல்லை. 'அலட்சியம்' என்பது உங்கள் முடிவு. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது எழுத்தில் இல்லை.

ஆகவே முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். எந்தத் தேதி, எந்த லோடு, எத்தனை கல், யார் எண்ணியது? அவர் தன் வாயால் சொன்ன காரணம் என்ன? அவருடைய சொற்கள் நினைவிருந்தால் அப்படியே எழுதுங்கள். 'எப்போதும்' என்பதற்கும் 'தாமதம்' என்பதற்கும் ஏட்டில் ஆதாரம் உண்டா? தாயார் உடல்நிலை அவர் சொன்னதா, வேறு யாராவது சொன்னதா?

புதுவயல் தம்பிக்கு ஒரு சொல். அன்றே எழுத வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் தவறான வாசகத்தின் கீழ் கையெழுத்து வாங்குவதால் அது உண்மையாகிவிடாது. கூலிக்காரர் முதலாளி முன்னால் நின்று போடும் கையெழுத்து எவ்வளவு விருப்பத்தோடு போட்டது என்பது உங்களுக்கும் தெரியும்.

கல் கிடங்கு (9.6.2025, பகல் 1.20)

ஐயா, சாப்பாட்டு வேளையில் லோடு சீட்டுகளையும் வருகை ஏட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் லோடு மே 28. மதுரை வாடிக்கையாளர், 10 அங்குலக் கல், 300 சதுர அடி. நூறு அடிக்கு 144 கல் என்ற கணக்கில் 432 கல் போயிருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் வழியில் உடைவதற்காக நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாகப் போடுவது எங்கள் வழக்கம். அப்படிப் பார்த்தால் 454 போயிருக்க வேண்டும். 31ஆம் தேதி வாடிக்கையாளர் தொலைபேசியில் 11 கல் உடைந்துவிட்டது, தளம் முடியவில்லை என்றார். இந்தக் கல்லைக் கையால் செய்து, தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தித்தான் அனுப்ப முடியும். 11 கல்லுக்காக அவருடைய கொத்தனார் ஒரு வாரத்துக்கும் மேல் சும்மா இருந்தார்.

அதைக் கேட்டபோது தம்பி சொன்னது: "கூடுதல் கல்லைப் பெரியண்ணன்தான் பார்த்துப் போடுவார். அவர் நின்ற பிறகு எனக்கு யாரும் சொல்லவில்லை." பழைய ஆள் ஏப்ரலில் வேலையை விட்டுப் போனது உண்மை. அந்த வேலை இனி இவருடையது என்று நான் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக நினைவில்லை.

இரண்டாவது லோடு ஜூன் 4. தளத்தின் ஓரத்தில் பதிக்கும் கரைக் கல் பச்சை போக வேண்டிய இடத்தில் பழுப்பு போய்விட்டது. ஆர்டர் தாளில் நிறத்துக்கு நேராக என் கையெழுத்தில் 'ப' என்று மட்டும் இருக்கிறது. "முந்தைய லோடு பழுப்பு, அதனால் அதையே எடுத்தேன்" என்றார். ஆனால் லோடு ஏற்றுவதற்கு முன் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு ஆர்டர் தாளோடு ஒப்பிட்டுச் சீட்டில் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். இது தனக்குத் தெரியும் என்று அவரே சொன்னார். இரண்டு லோடு சீட்டிலும் ஒரே கையெழுத்துதான் இருக்கிறது.

தாமதம் மே 19, மே 26 ஆகிய இரண்டே நாள். இரண்டும் திங்கட்கிழமை. ஒரு நாள் 20 நிமிடம், ஒரு நாள் 35 நிமிடம். எண்ணிக்கைத் தவறு இரண்டு ஆண்டுகளில் எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான்.

அம்மா விஷயம் அவர் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் ஒருவர் என்னிடம் சொன்னது.

இதை எழுதி முடித்தபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

தேவகோட்டை ரஸ்தா (9.6.2025, பகல் 2.10)

இவ்வளவு யோசிக்க வேண்டாம் மேடம். முதலில் மெமோ கொடுங்கள், மூன்று நாளில் விளக்கம் கேளுங்கள். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விசாரணை வைத்துக் கணக்கை முடித்து அனுப்பிவிடலாம். வாய்ப் பேச்சைக் குறிப்பாக எழுதி வைப்பதால் பிறகு நிறுவனத்துக்குப் பயன் இல்லை.

கல் கிடங்கு (9.6.2025, பகல் 2.25)

அண்ணன், நான் அவரை அனுப்ப நினைக்கவில்லை. கல்லின் ஓரம் உடையாமல் கட்டத் தெரிந்தவர் இங்கே அவர் ஒருவர்தான். அவர் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் பேசினேன்.

பேரேடு (9.6.2025, மாலை 6.30)

தேவகோட்டை நண்பர் கேள்வியை வேறாக எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதிலிருந்து ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் 41ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல், அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்காமல், நிறுத்தக்கூடாது. ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவதென்றால், விசாரணை வைத்து அதில் பதிவான சாட்சியம் வேண்டும். கிடங்கு அலுவலகத்தில் நீங்கள் இருவரும் பேசியது விசாரணை இல்லை. அதை எழுதும் குறிப்பும் குற்றப்பத்திரிகை இல்லை. இந்த இரண்டும் கலந்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் "வா தம்பி, பேசலாம்" என்று கூப்பிடும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார்.

அதனால்தான் 'எச்சரித்தேன்' என்ற சொல்லைக் கேட்கிறேன். அன்று நீங்கள் எச்சரித்தீர்களா? எழுதியதையெல்லாம் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நடக்காத எச்சரிக்கையை நடந்ததாக எழுதினால், ஓராண்டு கழித்துக் கோப்பைப் பார்ப்பவர் இவரை ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவர் என்று எடுத்துக்கொள்வார். 'ஒப்புக்கொண்டார்' என்பதும் அப்படித்தான். கூடுதல் கல் போடாதது அவர் தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்குச் சொல்லப்படவில்லை என்றார்.

இப்போது நீங்கள் கொடுத்த செய்தியை வைத்து நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"பேசிய நாள் 6.6.2025, மாலை 4.30 முதல் 5.00 வரை, கிடங்கு அலுவலகம். நானும் அவரும் மட்டும். எழுதிய நாள் 9.6.2025, லோடு சீட்டு, ஆர்டர் தாள், வருகை ஏடு ஆகியவற்றைப் பார்த்து எழுதியது.

28.5.2025 லோடு: 300 சதுர அடிக்கு 432 கல் அனுப்பப்பட்டது. வழக்கமான கூடுதல் 22 கல் சேர்க்கப்படவில்லை. 11 கல் உடைந்ததாக 31.5.2025 அன்று வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்னார். உடைந்த கல்லை நான் பார்க்கவில்லை. ஊழியர் சொன்னது: 'கூடுதல் கல்லைப் பெரியண்ணன்தான் பார்த்துப் போடுவார். அவர் நின்ற பிறகு எனக்கு யாரும் சொல்லவில்லை.' ஏப்ரலில் பெரியண்ணன் நின்ற பிறகு இந்த வேலையை இவரிடம் ஒப்படைத்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

4.6.2025 லோடு: பச்சைக் கரைக்குப் பதில் பழுப்புக் கரை போனது. ஆர்டர் தாளில் நிறம் 'ப' என்று மட்டும் என்னால் எழுதப்பட்டிருந்தது. முந்தைய லோடு பழுப்பு என்பதால் அதையே எடுத்ததாகச் சொன்னார்.

இரண்டு லோடு சீட்டிலும் இரண்டாவது ஆளின் கையெழுத்து இல்லை. இந்த விதி தனக்குத் தெரியும் என்றார்."

இதன் கீழே முடிவான வேலைகளை எழுதுங்கள். உங்கள் பங்கையும் அவர் பங்கையும் சேர்த்து, தேதியோடு எழுத வேண்டும். நிறத்தை முழுச் சொல்லாக நீங்கள் எழுத வேண்டும். ஆர்டர் தாளில் கூடுதல் கல்லுக்குத் தனிக் கட்டம் போட வேண்டும். இரண்டாவது ஆளின் கையெழுத்து இல்லாமல் அவர் லோடை விடக்கூடாது. மறுபடி எந்த நாளில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்பதும் வேண்டும்.

படித்துப் பாருங்கள். அவரைக் காப்பாற்றுவதற்காக நான் எதையும் மெழுகவில்லை. விதி தெரிந்தும் கையெழுத்து வாங்கவில்லை என்பது உங்கள் பழைய குறிப்பில் இல்லவே இல்லை, இதில் இருக்கிறது. உண்மையில் அவர் திருத்திக்கொள்ள வேண்டியது அதுதான். அது 'அலட்சியம்' என்ற சொல்லுக்குள் புதைந்து கிடந்தது.

இன்னொன்று. 9ஆம் தேதி எழுதியதற்கு 6ஆம் தேதி போட்டுவிடாதீர்கள். மூன்று நாள் தள்ளி எழுதியதாக வெளிப்படையாக இருப்பதில் குறைவே இல்லை. முன்தேதி என்று பிறகு தெரிந்தால் குறிப்பு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

செக்காலை வாசி (9.6.2025, இரவு 9.10)

இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவுக்கு நன்றி. நான் மேசைக்கு மறுபக்கம் இருந்தவன். ஒரு கடையில் நான்கு ஆண்டுகள் விற்பனையில் இருந்தேன். சம்பள உயர்வு கேட்ட மாதம் மேலாளர் ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டார். என்னைப் பற்றி ஏழு குறிப்புகள். ஏழுக்கும் வெவ்வேறு மாதத்துத் தேதிகள். ஆனால் ஏழும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வில் எழுதிய எழுத்து. ஒன்றைக்கூட அதற்கு முன் எனக்குக் காட்டியதில்லை. 'வாடிக்கையாளரிடம் மரியாதைக் குறைவு' என்று ஒன்றில் இருந்தது. எந்த வாடிக்கையாளர், நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கே தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. நான் உண்மையிலேயே யாரையாவது புண்படுத்தியிருக்கலாம். அன்றே சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அந்தத் தம்பிக்கு எழுதியதைக் காட்டுங்கள். ஒரு நகலும் அவர் கையில் இருக்கட்டும்.

புதுவயல் மில் (9.6.2025, இரவு 9.40)

செக்காலை அண்ணன் சொன்னது மனத்தைத் தொட்டது. எங்கள் ஆலையிலும் நாங்கள் எழுதியதை ஆட்கள் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்களா என்று நான் கவனித்ததில்லை. இனிக் கவனிக்கிறேன். ஆனால் ஒரு யோசனை. எழுதுவதில்தானே இவ்வளவு சிக்கல்? பேசும்போது போனில் பதிவு செய்துவிட்டால் யார் என்ன சொன்னார் என்ற கேள்வியே வராதே?

விடுதி வரவேற்பு (9.6.2025, இரவு 10.05)

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விடுதியாக நடத்தும் இடத்தில் இருக்கிறேன். 14 பேரை மேற்பார்க்கிறேன். போன் பதிவு பற்றி என் அனுபவம்: ஒரு முறை கேட்டுவிட்டே வைத்தேன். அந்தப் பெண் அரை மணி நேரமும் "சரிங்க மேடம்" தவிர வேறெதுவும் பேசவில்லை. சொல்லாமல் வைப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பேரேடு ஐயாவோடு ஓர் இடத்தில் நான் உடன்படவில்லை. அம்மாவின் உடல்நிலையை ஐயா சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அது உண்மையாக இருந்தால், அதுதானே திங்கட்கிழமைத் தாமதத்துக்குக் காரணமாக இருக்கும்? நாளை இந்த அக்கா வேறு வேலைக்குப் போய்விட்டால், புதிதாக வருபவர் ஏட்டில் வெறும் தாமதத்தை மட்டும் பார்த்து அந்தத் தம்பியைச் சோம்பேறி என்றல்லவா நினைப்பார்? காரணத்தை எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் நியாயம்.

பேரேடு (10.6.2025, காலை 6.50)

நல்ல கேள்வி. சத்தமில்லாமல் எடுத்தது என் குறைதான், காரணம் சொல்லியிருக்க வேண்டும்.

முதலாவது, அது அவர் சொன்னதில்லை. இன்னொருவர் சொன்ன வீட்டுச் செய்தியை அவருடைய கோப்பில் ஏற்றினால், அவர் வாயிலிருந்து வந்ததுபோல் அது அங்கே நிலைத்துவிடும். இரண்டாவது, 'மனம் வேலையில் இல்லை' என்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். நாளை அவரே வந்து, திங்கட்கிழமை காலை தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னாலும், கோப்புக்கு வேண்டியது நோயின் பெயர் இல்லை. 'திங்கட்கிழமைகளில் 9.30க்கு வர அனுமதித்தேன், இன்ன தேதிவரை' என்று எழுதினால் போதும். புதிதாக வருபவருக்கு அவர் அனுமதியோடுதான் வந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்தவர் வீட்டு நோயை நம் அலமாரியில் வைத்திருக்கத் தேவையில்லை.

அவரே எழுதச் சொன்னால்? அப்போது எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஆலையில் இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது.

கிடங்கு அம்மாவிடம் தாமதம் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதே மே மாதம் மற்ற பத்துப் பேரும் நேரத்துக்கு வந்தார்களா?

கல் கிடங்கு (10.6.2025, காலை 10.15)

ஏட்டைப் பார்த்தேன் ஐயா. இன்னொருவர் மே மாதத்தில் நான்கு நாள் தாமதம். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் வயதில் மூத்தவர், முதலாளிக்கு வேண்டியவர். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பேரேடு (10.6.2025, காலை 10.40)

எழுதியது நல்லது. அப்படியானால் இந்தக் குறிப்பிலிருந்து தாமதத்தை எடுத்துவிடுங்கள். கல் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது கோபத்தில் துணைக்குச் சேர்த்துக்கொண்ட குற்றம் அது. தாமதம் பேச வேண்டிய விஷயம் என்று கருதினால் இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, இருவருக்கும் ஒரே அளவில் எழுதுங்கள். ஒருவருடைய கோப்பு மட்டும் கனமாகிக்கொண்டே போனால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும் மொத்தம் பொய்யாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய குறிப்பை என்ன செய்யப் போகிறீர்கள்?

கல் கிடங்கு (10.6.2025, காலை 11.00)

அழித்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பேரேடு (10.6.2025, பகல் 12.30)

அழிப்பதற்கு முன் யோசியுங்கள். எங்கள் பெரியப்பா சின்ன வயதில் பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகும் வீட்டுக் கணக்கை அதே ஒழுங்கில்தான் எழுதுவார். அன்றன்று நடந்தது குறிப்பில் ஏறும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். குறிப்பில் ஒரு தொகை பிழையாக விழுந்துவிட்டால் சுரண்டக்கூடாது, மேலே எழுதக்கூடாது. பழையது தெரியும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட வேண்டும். சுரண்டிய இடத்தைப் பார்ப்பவன் அந்தப் பக்கம் முழுவதையும் சந்தேகிப்பான் என்பார். என் பெயருக்கே காரணம் அவர்தான்.

முதலாளி பழையதை ஏற்கெனவே படித்துவிட்டார். ஆகவே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: '8.6.2025 அன்று நான் அனுப்பிய குறிப்பு சீட்டுகளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. அலட்சியம், எப்போதும், எச்சரித்தேன், ஒப்புக்கொண்டார் என்ற சொற்களுக்கு ஆதாரம் இல்லை. 9.6.2025 குறிப்பைக் கொள்ளவும்.' பழையதைத் தம்பியின் கோப்பில் வைக்க வேண்டாம்.

விடுதி வரவேற்பு (10.6.2025, பகல் 1.05)

அதில் வீட்டுச் செய்தி இருக்கிறதே ஐயா? அந்த வரி மட்டுமாவது முதலாளியின் போனிலிருந்து போக வேண்டாமா?

பேரேடு (10.6.2025, பகல் 1.20)

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருத்தத்தை எழுத்தில் அனுப்பிவிட்டு, போனில் உள்ளதை நீக்கச் சொல்லலாம். திருத்தியதற்கு எழுத்து இருக்கும்போது, நீக்கியது மறைத்ததாகாது. நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

கல் கிடங்கு (11.6.2025, இரவு 8.30)

இன்று அவரோடு உட்கார்ந்தேன். புதிய குறிப்பைக் கையில் கொடுத்து, நான் வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தேன். பக்கத்தில் நின்றால் படிக்கமாட்டார் என்று தோன்றியது.

இரண்டு இடத்தில் பேனாவை வைத்திருந்தார். ஒன்று, 'விதி தனக்குத் தெரியும் என்றார்' என்ற வரி. "தெரியும், ஆனால் 4ஆம் தேதி லாரி டிரைவர் அவசரப்படுத்தினார், கிடங்கில் நான் மட்டும்தான் இருந்தேன்" என்று சேர்க்க வேண்டும் என்றார். வருகை ஏட்டின்படி அன்று இன்னொருவரும் வேலையில் இருந்தார். அதைச் சொன்னேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்கிறார் இவர். என்னால் இதைத் தீர்க்க முடியவில்லை. இரண்டையும் எழுதினேன்: அவர் சொன்னது இது, ஏட்டில் இருப்பது இது, நான் நேரில் பார்க்கவில்லை.

இன்னொன்று நான் எதிர்பாராதது. 31ஆம் தேதி வாடிக்கையாளர் பேசிய பிறகு, 11 கல்லையும் தனியாகக் கட்டி, அவரே பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுபோய் ஏற்றிவிட்டதைச் சேர்க்கச் சொன்னார். கல் உலர்ந்து வந்த அன்றே, ஜூன் 9 மாலை அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரியாது. சீட்டைக் காட்டினார். தேதியோடு சேர்த்துவிட்டேன்.

கையெழுத்துக்கு மேலே 'படித்தேன், என் திருத்தம் சேர்க்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. சம்மதம் என்ற சொல் இல்லை. நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நேரம் மாற்ற வேண்டுமானால் என்னிடம் கேட்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

தேவகோட்டை ரஸ்தா (11.6.2025, இரவு 9.15)

மேடம், எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. உங்கள் தவற்றை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நாளை ஏதாவது வழக்கு என்றால் அந்தத் தாள் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

செக்காலை வாசி (11.6.2025, இரவு 9.30)

'ப' என்று எழுதிய ஆர்டர் தாள் கிடங்கில் இருக்கத்தானே செய்கிறது அண்ணன்? குறிப்பில் எழுதாவிட்டாலும் அது அவர் கையெழுத்துதான்.

கல் கிடங்கு (21.6.2025, காலை 7.15)

நேற்று 20ஆம் தேதி மறுபடி பேசுவதாக எழுதியிருந்தோம், பேசினோம். 9ஆம் தேதிக் குறிப்பின் கீழேயே புதிய தேதி போட்டு மூன்று வரி சேர்த்தேன்: '20.6.2025. 11ஆம் தேதிக்குப் பிறகு நான்கு லோடு. மூன்றில் இரு கையெழுத்தும் உண்டு, 14ஆம் தேதி லோடில் ஒன்றுதான். கடைசி லோடு 8 அங்குலம் 200 சதுர அடி, 450 கல்லும் கூடுதல் 23ம், நிறம் முழுச் சொல்லாக.' 14ஆம் தேதி ஏன் ஒன்று என்று கேட்டேன். மறந்துவிட்டதாகச் சொன்னார். 'மறந்துவிட்டேன் என்றார்' என்றே எழுதினேன்.

தாமதம் பற்றி அந்த மூத்தவரிடமும் பேசிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதையும் தேதி போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. தீபாவளி போனஸ் முடிவு செய்யும்போது இந்தக் குறிப்புகளைத் தனக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் முதலாளி. பேசும்போது நான் தம்பியிடம் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லாமல் கொடுக்கமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கோப்பு என் மேசையில் பூட்டித்தான் இருக்கிறது.